மாற்றம் எண் 1: ரிட்டர்ன்

கூடுதல் வேலைக்கு விலை சொல்லும் கடிதத்தை, அந்த வேலையில் கை வைக்கும் முன்பே அனுப்பிவிட வேண்டும் என்பது தனியாகத் தொழில் செய்யும் டெவலப்பர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரிந்தும் பலர் அனுப்புவதில்லை. வேலையை முடித்துவிட்டுக் கடைசி பில்லில் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். அந்த ஒரு வரியின் பணம் மட்டும் வராமல் போனால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் பில்லைப் பார்த்ததும் வாடிக்கையாளர் "இது என்ன புதுசா?" என்று கேட்பார். அந்தப் பேச்சு முடியும்வரை முதலில் பேசி முடித்த பாக்கியும் அதனோடு சேர்ந்து நின்றுவிடும். கூடுதல் வேலையைத் தனி எண், தனி விலை, தனித் தேதி போட்டுத் தனிக் கடிதமாக நான் எழுதுவதற்கு முதல் காரணம் இதுதான்.

2025இல் ஈரோட்டில் ஓர் ஆயத்த ஆடைக் கடைக்கு இணையதளம் செய்துகொடுத்தபோது எழுதிய கடிதத்தை எடுத்துக்கொள்கிறேன். அதில் பெரிய சண்டை எதுவும் இல்லை. ஆனால் இந்தத் தொழிலில் அடிக்கடி வரும் சிக்கல்கள் பெரும்பாலும் அதில் இருந்தன.

மூன்று பக்க வேலை ஒப்புதல், மொத்தம் 1,80,000 ரூபாய். பொருள்களைக் காட்டும் பக்கங்கள், கூடை, ஆன்லைனில் பணம் கட்டும் வசதி, கேஷ் ஆன் டெலிவரி, கூப்பன், கடைப் பையன்கள் ஆர்டரைப் பார்த்து அனுப்பும் திரை, ஜிஎஸ்டி பில். முன்பணம் 72,000, மாதிரி காட்டியதும் 54,000, கடை ஆன்லைனில் திறந்ததும் மீதி 54,000. தீபாவளி அந்த வருடம் அக்டோபர் 20. அதற்கு ஐந்து வாரமாவது முன்னால் தளம் ஓட வேண்டும் என்பதால் செப்டம்பர் 12 என்று திறப்புத் தேதி குறித்திருந்தோம். முதல் இரண்டு தவணையும் சொன்னபடி வந்துவிட்டது. முதலாளி நாணயமானவர். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தனிக் கடிதம் என்றாலே ஏமாற்றுகிறவர்களிடமிருந்து தப்பிக்கும் வழி என்று நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் நல்ல வாடிக்கையாளரிடம்தான் அதற்குத் தேவை அதிகம். ஏமாற்றுகிறவரிடம் எந்தக் கடிதமும் செல்லாது.

விநாயகர் சதுர்த்தி அன்று இரவு அவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு. "தம்பி, எல்லாம் நல்லா வந்திருக்குதுங்க. அந்த ரிட்டர்ன் மட்டும் ஒண்ணு போட்டுருங்க. ஒரு பட்டன்தானுங்களே. தீபாவளிக்கு எடுக்கறவங்க சைஸ் சேரலைன்னா திருப்பித்தான் அனுப்புவாங்க."

அவர் சொன்னது நியாயமான தேவை. துணிக்கடைக்கு ரிட்டர்ன் இல்லாமல் ஆன்லைன் வியாபாரம் நடக்காது. தேவை நியாயமானது என்பதாலேயே அது பேசிய தொகைக்குள் அடங்கிவிடாது. அடங்குமா என்று பார்க்க நான் ஒப்புதலைத்தான் திறக்கிறேன். ஞாபகத்தை நம்புவதில்லை. ஏழாவது வரியில் இப்படி இருந்தது: "கடையிலிருந்து அனுப்பும் முன் ஆர்டரை ரத்து செய்யும் வசதி, ஆன்லைனில் கட்டிய முழுத் தொகையும் திரும்பிச் செல்லும்." ரிட்டர்ன் என்ற சொல் எங்கும் இல்லை. அடங்காதவை என்று கீழே போட்டிருந்த பட்டியலிலும் இல்லை. அதாவது, ரத்து என்றால் ரிட்டர்னும் சேர்த்துத்தான் என்று முதலாளி நினைத்திருந்தால் அவரைப் பொய்யர் என்று சொல்ல முடியாது.

இந்த இடத்தில் பல பேர் கடிதத்தை வக்கீல் நோட்டீஸ் மாதிரி எழுதிவிடுகிறார்கள். நான் செய்வது, அந்த வரியில் எது எனக்குப் பாதகமோ அதை முதலில் ஒப்புக்கொள்வது. கட்டிய பணத்தைத் திருப்பி அனுப்பும் இணைப்பு ஏழாவது வரிப்படி என் பொறுப்பு. அதைச் செய்தும் முடித்திருந்தேன். ரிட்டர்னுக்கும் அதே இணைப்புதான் வேண்டும். எனவே அதற்கு மறுபடி காசு கேட்கக் கூடாது. அனுப்பிய பிறகு நடப்பது எல்லாம் புதியது. அதற்குத்தான் விலை.

விலை போடும் முன் அந்த "ஒரு பட்டனை" அழுத்தினால் என்னென்ன நடக்க வேண்டும் என்று ஒரு ஆர்டரை வைத்துத் தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இதை எப்போதும் செய்வேன். மனக்கணக்கில் பத்து மணி நேரம் என்று தோன்றும் வேலை, தாளில் போட்டால் மூன்று மடங்கு ஆவது சாதாரணம்.

ஒருவர் 1,800 ரூபாய் சட்டையும் 700 ரூபாய்க் குழந்தைக் கவுனும் எடுக்கிறார். விலைகள் வரி உட்பட. மொத்தம் 2,500. இரண்டாயிரத்துக்கு மேல் வாங்கினால் 250 ரூபாய் தள்ளுபடி என்று ஒரு கூப்பன். ஆக அவர் கட்டியது 2,250. சட்டை சேரவில்லை, அதை மட்டும் திருப்பி அனுப்புகிறார். எவ்வளவு தர வேண்டும்?

1,800 தந்தால் கடைக்கு நஷ்டம். அவர் அந்தச் சட்டைக்கு அவ்வளவு கட்டவே இல்லை. தள்ளுபடியை விலைக்கேற்றபடி பிரித்தால் சட்டையின் பங்கு 180. திருப்ப வேண்டியது 1,620. ஆனால் சட்டை போனபின் அவரிடம் மிஞ்சுவது 700 ரூபாய்க் கவுன் மட்டும். அதற்குக் கூப்பனே செல்லாது. கூப்பனை முழுசாகப் பிடித்துக்கொள்கிற கடை 1,550தான் தரும். இரண்டு கணக்குக்கும் 70 ரூபாய் வித்தியாசம். எது சரி என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. அது கடையின் வியாபார முடிவு. நானாக ஒன்றைத் தேர்ந்து கோடில் எழுதிவிட்டால், முதல் வாடிக்கையாளர் சண்டைக்கு வரும்போது "டெவலப்பர் அப்படிப் போட்டுட்டாருங்க" என்று என் பெயர்தான் வரும்.

பணம் போகும் வழி அடுத்தது. ஆன்லைனில் கட்டியவருக்கு பேமென்ட் கேட்வே வழியாகவே ஒரு பகுதியைத் திருப்பலாம். தொகையை அது பைசாவில் கேட்கும். 1,620 ரூபாய் என்றால் 162000 என்று அனுப்ப வேண்டும். ஒரே ஆர்டருக்கு இரண்டு முறை ரிட்டர்ன் வந்தால் இரண்டும் சேர்ந்து கட்டிய தொகையைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கேஷ் ஆன் டெலிவரி என்றால் திருப்ப கேட்வேயில் பணமே கிடையாது. கடைப் பையன் வாடிக்கையாளரின் யுபிஐக்கு அனுப்பி, அந்த யுடிஆர் எண்ணைத் திரையில் பதிய வேண்டும். பதியாவிட்டால் ஒரே ரிட்டர்னுக்கு இரண்டு பேர் இரண்டு முறை பணம் அனுப்பிவிடுவார்கள்.

திரும்பி வந்த சட்டை நேராக ஸ்டாக்கில் ஏறக் கூடாது. பிரித்துப் பார்த்து, விற்கலாமா கழிக்கணுமா என்று ஒருவர் சொன்ன பிறகே ஏற வேண்டும். கடைசியாக கிரெடிட் நோட். ஜிஎஸ்டி சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி, விற்ற பொருள் திரும்பி வந்தால் விற்றவர் கிரெடிட் நோட் போடலாம். போட்டால்தான் அந்த விற்பனைக்குச் சேர்ந்த வரியைக் கணக்கில் குறைத்துக்கொள்ள முடியும். அதற்குத் தனி வரிசை எண் வேண்டும். மூல பில்லின் எண்ணும் தேதியும் இருக்க வேண்டும். வரி விகிதம் மூல பில்லில் இருந்ததுதான். இன்றைக்கு என்ன விகிதம் என்று பார்த்துப் போடக் கூடாது. ஜிஎஸ்டியில் பெரிய மாற்றம் வரப்போகிறது என்று ஆகஸ்ட் 15 அன்று பிரதமர் செங்கோட்டையில் அறிவித்திருந்ததால் இந்த விஷயம் அப்போது என் மனதில் முன்னாலேயே நின்றது.

இவ்வளவையும் மணி நேரமாகப் போட்டால் ஐம்பது வந்தது. மணிக்கு 900 ரூபாய். முதல் ஒப்புதலும் அதே கூலியில் போட்டதுதான். கூடுதல் வேலைக்குக் கூலியை ஏற்றிக் கேட்கிறவர்கள் உண்டு. பழைய தேதிக்குள்ளேயே திணித்து முடிக்கச் சொன்னால் நானும் ஏற்றுவேன். தேதி தனியாக இருந்தால் ஏற்ற மாட்டேன். வாடிக்கையாளர் பாதி ஆற்றில் இருக்கிறார், வேறு ஆளைத் தேடிப் போக முடியாது என்று தெரிந்து ஏற்றுவது எனக்குப் பிடிப்பதில்லை. அவரும் அதை மறக்க மாட்டார்.

மறுநாள் காலை அனுப்பிய கடிதம் இது. பெயர்களை மட்டும் எடுத்திருக்கிறேன்.

மாற்றம் எண்: 1
தேதி: 28.8.2025
அடிப்படை: 2.6.2025 தேதியிட்ட வேலை ஒப்புதல்

வணக்கம் அண்ணா,

நேற்று இரவு நீங்கள் கேட்ட ரிட்டர்ன் வசதி பற்றி. ஒப்புதலின் 7ஆம் வரியில் இருப்பது, பொருளை அனுப்பும் முன் ஆர்டரை ரத்து செய்து முழுப் பணத்தையும் திருப்புவது. அது முடிந்துவிட்டது, அதற்கும், அதற்காகச் செய்த பணம் திருப்பும் இணைப்புக்கும் மேற்கொண்டு எதுவும் தர வேண்டியதில்லை. பொருள் வாடிக்கையாளர் கைக்குப் போன பிறகு திரும்பி வருவது அந்த வரியில் இல்லை. அதைத் தனி வேலையாகச் செய்ய ஆகும் தொகை கீழே.

வாடிக்கையாளர் போட்டோவோடு ரிட்டர்ன் கேட்கும் பக்கம்: ₹9,000
கடையில் ஏற்க, மறுக்க, வந்து சேர்ந்ததைப் பதியும் திரை: ₹8,100
கூப்பன் கழித்துப் பகுதித் தொகை கணக்கிட்டுத் திருப்புவது: ₹6,300
கேஷ் ஆன் டெலிவரி ரிட்டர்னுக்குப் பணம் அனுப்பிய பதிவு: ₹2,700
ஸ்டாக்கில் ஏற்றுவது, பழுதானதைத் தனியே கழிப்பது: ₹4,500
கிரெடிட் நோட், மூல பில்லில் இருந்த அதே வரி விகிதத்தில்: ₹7,200
சோதனை, கடையில் வந்து சொல்லிக்கொடுப்பது: ₹7,200
மொத்தம்: ₹45,000

இது முழுத் தொகை. எனக்கு நேரம் கூடுதலாக ஆனாலும் இதற்கு மேல் கேட்க மாட்டேன். நான் ஜிஎஸ்டி பதிவில் இல்லாததால் இதன் மேல் வரி கிடையாது.

இதில் சேராதவை: ஒரு சைஸுக்கு வேறு சைஸ் மாற்றித் தருவது, மொத்த வியாபார ரிட்டர்ன், டேலியில் பதிவு ஏற்றுவது.

தேதி: செப்டம்பர் 12 திறப்பு மாறாது. இந்த வேலையை 15ஆம் தேதி தொடங்கி 25ஆம் தேதி தருகிறேன். திறக்கும்போதே ரிட்டர்னும் வேண்டும் என்றால் திறப்பு 25ஆம் தேதிக்குத் தள்ளிப்போகும்.

பணம்: பாதி தொடங்கும்போது, பாதி முடிந்ததும். ஒப்புதலில் உள்ள கடைசித் தவணை ₹54,000 இதோடு சேராது. ரிட்டர்ன் வேலை நடந்தாலும் நடக்காவிட்டாலும் தளம் திறந்த அன்று அது தர வேண்டியது.

நீங்கள் முடிவு சொல்ல வேண்டியவை: எத்தனை நாளுக்குள் ரிட்டர்ன் ஏற்பீர்கள்? ஒரு பொருள் மட்டும் திரும்பினால் கூப்பன் தள்ளுபடியில் அதன் பங்கை மட்டும் கழிப்பதா, முழுத் தள்ளுபடியையும் கழிப்பதா? அனுப்பும் செலவைத் திருப்பித் தருவீர்களா?

இப்போது வேண்டாம் என்றாலும் பாதகமில்லை. ரிட்டர்ன் கேட்டு வருகிறவர்கள் கடைக்குப் போன் செய்யும்படி தளத்தில் ஓர் அறிவிப்பு போட்டுத் தருகிறேன். அதற்குப் பணம் வேண்டாம். வேண்டும் என்றால் செப்டம்பர் 5க்குள் "மாற்றம் 1 சம்மதம்" என்று எழுதி அனுப்புங்கள். அதன் பிறகே தொடங்குவேன்.

அவ்வளவுதான் கடிதம். ஒரு பக்கத்தைத் தாண்டினால் கடை முதலாளி படிக்க மாட்டார். கணக்குப்பிள்ளையிடம் கொடுத்துவிடுவார். கணக்குப்பிள்ளைக்குத் தொகை தெரியும். ரிட்டர்ன் ஏன் வேண்டும் என்று தெரியாது.

மணி நேரத்தை அதில் எழுதாமல் விட்டது வேண்டுமென்றேதான். மணி நேரத்தைக் காட்டினால் பேரம் அதன் மேலேயே போகும். "ஒரு பில்லுக்கு எட்டு மணி நேரமுங்களா, நாலு பத்தாதா?" என்று கேட்பார். அதற்குப் பதில் சொல்ல நான் கோடிங் பாடம் நடத்த வேண்டும். பகுதி பகுதியாக விலை போட்டால் பேரம், எந்தப் பகுதி வேண்டும், எது வேண்டாம் என்பதில் நடக்கும். அந்தப் பேச்சை அவரால் என்னைவிட நன்றாகப் பேச முடியும். அவர் கடை அது.

செய்யாவிட்டால் என்ன ஆகும் என்ற வரியும் முக்கியம். அது இல்லாவிட்டால் கடிதம் மிரட்டல் மாதிரி ஆகிவிடும். பணம் தா, இல்லாவிட்டால் உன் கடை பாதியில் நிற்கும் என்று. கூடுதல் வேலையை மறுக்கிற உரிமை அவருக்கு உண்மையாகவே இருக்க வேண்டும். மறுத்தாலும் தளம் திறக்கும், கடை ஓடும் என்று நிலைமை இருந்தால்தான் அவர் கொடுக்கும் சம்மதத்துக்கு மதிப்பு.

பதில் அன்று மதியமே வந்தது. மறுபடியும் குரல் பதிவு. "பாத்தனுங்க தம்பி. சரி, போட்டுருங்க. கணக்கை அப்புறம் பேசிக்கலாம்."

புதிதாகத் தொழிலுக்கு வந்தவர்கள் இதைக் கேட்டதும் வேலையைத் தொடங்கிவிடுவார்கள். இதில் வேலைக்குச் சம்மதம் இருக்கிறது, விலைக்கு இல்லை. சட்டம் என்று பார்த்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு, மின்னணு வழியில் செய்த ஒப்பந்தம் மின்னணு வழியில் செய்ததாலேயே செல்லாமல் போகாது என்கிறது. வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதினாலே போதும். ஆனால் அந்த வரியில் தொகை இருக்க வேண்டும், அல்லது தொகை உள்ள கடிதத்தின் எண்ணாவது இருக்க வேண்டும். 45,000 ரூபாய்க்கு நான் ஈரோடு நீதிமன்றத்துக்குப் போகப் போவதில்லை. எழுத்தில் கேட்பது வழக்குக்காக அல்ல. நாலு மாதம் கழித்து அவர் மகன் கணக்குப் பார்க்க உட்காரும்போது, அப்பா எதற்குச் சரி சொன்னார் என்று அவருக்கும் தெரிய வேண்டும், எனக்கும் தெரிய வேண்டும்.

போன் செய்தேன்.

"அண்ணா, தொகையைப் பேசிட்டே தொடங்கலாமுங்க. அப்புறம் பேசினா நம்ம ரெண்டு பேருக்கும் சங்கடமாப் போயிரும்."

"நாப்பத்தஞ்சு ஜாஸ்தியா இருக்குதுங்க தம்பி. முப்பதுல முடிச்சுக் குடுங்க."

"கூலியைக் குறைக்க முடியாதுங்ணா. வேலையைக் குறைக்கலாம். அந்த முதல் பக்கம் உங்களுக்கு அவசியமானு பாருங்க. உங்ககிட்ட எடுக்கறவங்க எப்படியும் வாட்ஸ்அப்புல போட்டோ அனுப்பித்தான் கேக்கறாங்க. பையன் அதைப் பாத்துட்டு கடைத் திரையில பதிஞ்சாப் போதும்."

கொஞ்ச நேரம் யோசித்தார். பக்கத்தில் இருந்த யாரிடமோ கேட்டார். "சரி, அதை எடுத்துருங்க."

அந்தப் பக்கம் போனதில் 9,000 குறைந்தது. சோதனை செய்ய வேண்டியதும் குறைந்ததால் அதில் 1,800. மீதி 34,200. இன்னும் 4,200ஐக் குறைத்து முப்பதாக்கச் சொன்னார். கேஷ் ஆன் டெலிவரி பதிவையும் எடுத்துவிடலாம், 2,700 குறையும், ஆனால் ஒரே ஆளுக்கு இரண்டு முறை பணம் போனால் அதைக் கண்டுபிடிக்க வழியிருக்காது என்று சொன்னேன். அதை எடுக்க அவருக்கு மனமில்லை. விலையைச் சும்மா குறைத்தால் முதலில் சொன்ன விலையே பொய் என்று ஆகிவிடும். அடுத்த கடிதத்திலிருந்து எல்லாவற்றிலும் மூன்றில் ஒரு பங்கு பேரத்துக்கு என்று அவர் வைத்துக்கொள்வார். வேலையைக் குறைத்து விலையைக் குறைத்தால் அந்தக் கேள்வி எழாது.

திருத்திய கடிதத்தை மாற்றம் 1அ என்று அனுப்பினேன். பழையதை அழிக்கவில்லை. தேதி 25க்குப் பதில் 23. கூப்பனில் பங்கை மட்டும் கழிப்பது, ஏழு நாள் கெடு, அனுப்பும் செலவு திருப்புவதில்லை என்று அவர் சொன்ன மூன்று முடிவுகளையும் அவர் பெயரிலேயே எழுதிச் சேர்த்தேன். செப்டம்பர் 1 அன்று "மாற்றம் 1அ சம்மதம்" என்று ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்பினார். தளம் 12ஆம் தேதி திறந்தது. 54,000 மறுநாள் வந்தது. 15ஆம் தேதி முன்பணம் 17,100 வந்த பிறகு ரிட்டர்னைத் தொடங்கினேன்.

இரண்டையும் ஒன்றாகப் போட்டிருந்தால் அந்த 54,000 ரிட்டர்ன் முடியும்வரை வந்திருக்காது. அவர் கெட்டவர் என்பதால் அல்ல. "இன்னும் வேலை முடியலையே" என்பது அவர் பக்கத்தில் உண்மையாகவே இருந்திருக்கும்.

நடுவில் ஒன்று வந்தது. செப்டம்பர் 3 அன்று ஜிஎஸ்டி கவுன்சில் முடிவெடுத்து, 22ஆம் தேதி முதல் ஆயத்த ஆடைக்கு வரி மாறியது. அதுவரை ஓர் உருப்படி 1,000 ரூபாய்வரை 5 சதவீதம், அதற்கு மேல் 12. புதிதாக 2,500வரை 5, அதற்கு மேல் 18. இது யார் தலையில்? ஒப்புதல் எழுதிய நாளில் இல்லாத சட்டம் அது; நான் கூடுதல் பணம் கேட்கலாம். ஆனால் அந்த 1,000 என்ற எல்லையையும் விகிதங்களையும் நான் அமைப்புத் திரையில்தான் வைத்திருந்தேன். எண்களை மாற்றி, எந்தத் தேதியிலிருந்து என்று குறித்து, நாலு பில் போட்டுப் பார்க்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்கும் கடிதம் அனுப்பினேன்: மாற்றம் எண் 2, தொகை ₹0. சின்ன வேலையைச் சும்மா செய்வதில் எனக்கு மறுப்பு இல்லை. எழுதாமல் செய்தால்தான் பிரச்சினை. எழுதாமல் செய்த பத்துச் சின்ன வேலை வாடிக்கையாளர் கணக்கில் இருக்காது. பதினொன்றாவதற்குப் பணம் கேட்கும்போது "இத்தனை நாள் சும்மா செஞ்சீங்களே" என்பதுதான் நிற்கும். எண் போட்டு ₹0 என்று எழுதியிருந்தால், அது தொகை தள்ளிய வேலை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

அந்த வரி மாற்றம் ரிட்டர்ன் வேலையையும் உடனே சோதித்துவிட்டது. மேலே சொன்ன மாதிரியே ஓர் ஆர்டர், செப்டம்பர் 18 தேதியிட்ட பில், 1,800 ரூபாய்ச் சட்டை. திரும்பி வந்தது 25ஆம் தேதி. கூப்பன் பங்கு போகத் திருப்ப வேண்டியது 1,620. மூல பில்லில் 12 சதவீதம் என்பதால் அதற்குள் இருக்கும் வரி 173 ரூபாய் 57 பைசா. அன்றைய விகிதமான 5ஐ எடுத்துக் கணக்கிட்டிருந்தால் 77 ரூபாய் 14 பைசாதான் வந்திருக்கும். ஒரு சட்டையில் கடைக்கு 96 ரூபாய்க்கு மேல் வரி கையை விட்டுப் போயிருக்கும். வாடிக்கையாளருக்கு இரண்டிலும் 1,620தான் போகும் என்பதால் யாரும் புகார் சொல்ல வந்திருக்க மாட்டார்கள். மாதக் கடைசியில் ஆடிட்டர் பில்லையும் கிரெடிட் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். ஏன் அந்த ஒரு தாளுக்கு 7,200 என்று கேட்டிருந்த கணக்குப்பிள்ளைக்கு இந்த நோட்டைத்தான் அனுப்பி வைத்தேன். பதில் எதுவும் வரவில்லை. மீதி 17,100 அந்த வாரமே வந்தது.

வெட்டிய அந்த முதல் பக்கத்தைத் தீபாவளி முடிந்து நவம்பரில் கேட்டார். வாட்ஸ்அப்பில் வந்த போட்டோக்களில் எது எந்த ஆர்டருடையது என்று பையன்களுக்குக் குழப்பம். "அந்த ஒம்பதாயிரம் பக்கத்தைப் போட்டுருங்க தம்பி" என்றார். மாற்றம் எண் 3 என்று போட்டு ₹12,600 என்று அனுப்பினேன். பழைய விலை, மற்ற வேலைகளோடு சேர்த்துச் செய்வதாக இருந்தபோது போட்டது. அதோடு சோதனைக்கு 1,800 தனியாகச் சேர்ந்திருந்தது. ஆக அன்றைக்கே அது 10,800. இப்போது கடைத் திரை ஓடிக்கொண்டிருக்கிறது. இனி பையன் பதிவதும் வாடிக்கையாளர் பதிவதும் ஒரே ரிட்டர்னுக்கு இரண்டு முறை ஏறாமல் பார்க்க வேண்டும். அதற்கு இன்னும் 1,800. இந்த மூன்று வரியையும் கடிதத்தில் அப்படியே எழுதியிருந்தேன். பழைய கடிதம் செப்டம்பர் 5வரைதான் செல்லும் என்பதையும் சேர்த்தேன்.

"ரெண்டு மாசத்துல ஏறிப்போச்சுங்களே" என்றார். பொங்கல் வியாபாரம் போகட்டும், பார்த்துச் சொல்கிறேன் என்று விட்டார். கடிதத்தில் டிசம்பர் 31வரை என்று போட்டிருந்தேன், அதுவும் தாண்டிவிட்டது. அந்தப் பக்கத்தை நான் இன்னும் தொடவில்லை.